டெபிட் என்றால் கழித்தல் அல்ல: சொத்து, பொறுப்பு, வருமானம், செலவு எதை எந்தப் பக்கம் எழுதுவது?

வாடகைக்கு 8,000 ரூபாய் அனுப்பியதும் போனில் செய்தி வருகிறது: உங்கள் கணக்கில் 8,000 டெபிட் ஆனது. அதோடு மனதில் பதிந்துவிடுகிறது, டெபிட் என்றால் பணம் குறைவது என்று. அந்த நினைப்போடு கணக்குப் புத்தகத்தைத் திறப்பவர் வங்கிக் கணக்கில் பணம் போனதை டெபிட் என்று எழுதுகிறார். முதல் பதிவே தலைகீழ்.

இந்த வழிகாட்டி ஒரு சிறிய ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடையின் முதல் மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு போகிறது. மொத்தம் பத்து நடவடிக்கைகள். ஜிஎஸ்டியை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்திருக்கிறோம். இடது வலது பிடிபட்ட பிறகு அதைச் சேர்ப்பது சிரமமில்லை, முன்பே சேர்த்தால் இரண்டும் குழம்பும்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட், வெளியே நிற்கும் கடன்களின் குறிப்பு இம்மூன்றும் வேண்டும். கூடவே ஒரு தாளில், கடைக்குத் தேவைப்படும் கணக்குகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்த வகை என்று குறித்துவிடுங்கள்.

நம் கடைக்கு: வங்கி, ரொக்கம், ஜெராக்ஸ் மெஷின், கடன் பாக்கி வைத்த பள்ளி ஆகியவை சொத்து. வங்கிக் கடன், சரக்கு தந்த மொத்த வியாபாரி ஆகியவை பொறுப்பு. உரிமையாளர் போட்ட பணம் முதல் என்ற வகை. விற்பனை என்பது வருமானம். கொள்முதல், வாடகை, வட்டி ஆகியவை செலவு. உரிமையாளர் வீட்டுக்கு எடுப்பது எடுப்புகள்.

வகையை முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவு எழுதும் வேகத்தில் வகையையும் யோசித்தால், வரவேண்டிய விடைக்கு ஏற்ப வகையை வளைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும்.

## 2. இரண்டு சொற்களின் பொருளை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்

டெபிட் என்றால் கணக்கின் இடது பக்கம். கிரெடிட் என்றால் வலது பக்கம். அவ்வளவுதான். கூட்டல், கழித்தல், நல்லது, கெட்டது எதுவும் அந்தச் சொற்களுக்குள் இல்லை. இடது பக்கம் எழுதினால் கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிப்பது கணக்கின் வகை.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு இடறலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. வீட்டில் நாம் எழுதும் வரவு செலவில் வரவு என்றால் உள்ளே வந்த பணம். பாடத்திலோ ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும். பணம் வந்திருக்கிறது, வரவில் எழுதக் கூடாதாம்! மாணவர் மிரள்வதில் வியப்பில்லை.

இது போதாதென்று, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் டெபிட்டுக்கு வரவு என்றும் கிரெடிட்டுக்குச் செலவு என்றும் பெயர். இணையத்தில் கிடைக்கும் இரண்டு நாட்டுக் குறிப்புகளையும் கலந்து படித்தால் ஒரே சொல் எதிரெதிர்ப் பக்கத்தைக் காட்டும். அதனால் இங்கே டெபிட், கிரெடிட் என்றே எழுதுகிறோம். நீங்கள் தேர்வுக்குப் படிப்பவரானால் விடைத்தாளில் உங்கள் பாடநூலின் சொல்லையே எழுதுங்கள்.

## 3. இது யாருடைய புத்தகம் என்று கேளுங்கள்

வங்கி அனுப்பும் செய்தி பொய் சொல்லவில்லை. அது வங்கியின் புத்தகத்திலிருந்து பேசுகிறது.

கடை வங்கியில் 2,00,000 ரூபாய் போட்டால், கடைக்கு அது சொத்து. வங்கிக்கோ, கேட்டால் திருப்பித் தரவேண்டிய பணம், அதாவது பொறுப்பு. வாடகைக்கு 8,000 போனதும் வங்கியின் பொறுப்பு குறைகிறது. பொறுப்பு குறைந்தால் டெபிட். ஆகவே வங்கி டெபிட் என்கிறது. அதே நேரம் கடையின் புத்தகத்தில் ஒரு சொத்து குறைந்திருக்கிறது. சொத்து குறைந்தால் கிரெடிட். இருவரும் சொல்வது ஒரே நிகழ்ச்சியைத்தான், எதிரெதிரே நின்று.

சந்தேகம் இருந்தால் கடன் வாங்கியவர் தன் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்க்கலாம். அங்கே வட்டி ஏறும்போது டெபிட் என்று வரும், பாக்கி கூடும். தவணை கட்டும்போது கிரெடிட் என்று வரும், பாக்கி குறையும். உங்களுக்குத் தந்த கடன் வங்கிக்குச் சொத்து என்பதால் இப்படி. டெபிட் என்றால் குறைவது என்ற எண்ணத்தை உடைக்க வங்கியின் இந்த ஒரு தாளே போதும்.

நடைமுறை விதி: கடைக் கணக்கு எழுதும்போது வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து தேதியையும் தொகையையும் மட்டும் எடுங்கள். டெபிட், கிரெடிட் என்ற அதன் தலைப்புகளை எடுக்காதீர்கள்.

## 4. விதியை மனப்பாடம் செய்யாமல் ஒரு சமன்பாட்டில் பிடியுங்கள்

கடையில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவரின் பணத்தில் வந்தது. ஒன்று வெளியாரின் பணம், இல்லையென்றால் உரிமையாளரின் பணம்.

```
சொத்து = பொறுப்பு + முதல்
```

வருமானம் வந்தால் உரிமையாளரின் பங்கு கூடுகிறது. செலவு வந்தால் குறைகிறது. உரிமையாளர் வீட்டுக்கு எடுத்தாலும் குறைகிறது. ஆகவே:

```
சொத்து = பொறுப்பு + முதல் + வருமானம் − செலவு − எடுப்புகள்
```

கழித்தல் குறியோடு நிற்பவற்றை இடது பக்கம் கொண்டுபோனால்:

```
சொத்து + செலவு + எடுப்புகள் = பொறுப்பு + முதல் + வருமானம்
```

இந்த மூன்றாவது வரிதான் முழு விதியும். சமன்பாட்டின் இடது பக்கம் உள்ள கணக்குகள் இடது பக்கம் எழுதினால் கூடும். வலது பக்கம் உள்ளவை வலது பக்கம் எழுதினால் கூடும். குறைக்க வேண்டுமானால் எதிர்ப் பக்கம்.

| கணக்கின் வகை | கூடினால் | குறைந்தால் |
|---|---|---|
| சொத்து | டெபிட் | கிரெடிட் |
| செலவு, எடுப்புகள் | டெபிட் | கிரெடிட் |
| பொறுப்பு, முதல் | கிரெடிட் | டெபிட் |
| வருமானம் | கிரெடிட் | டெபிட் |

கையில் இருக்கும் சொத்தும் கைவிட்டுப் போன செலவும் எப்படி ஒரே பக்கம் உட்காரும் என்ற கேள்வி இங்கே எழும். வாடகை கொடுத்ததும் உரிமையாளரின் பங்கு 8,000 குறைகிறது. முதல் குறைந்தால் டெபிட். அதை நேராக முதல் கணக்கிலேயே எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் வருடக் கடைசியில் வாடகைக்கு எவ்வளவு போனது, வட்டிக்கு எவ்வளவு போனது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் அந்த டெபிட்டை வாடகை என்ற தனிக் கணக்கில் சேர்த்துவைக்கிறோம். மாதாமாதம் வாடகைக் கணக்கு டெபிட்டில் வளர்கிறது, அதன் பின்னால் முதல் தேய்கிறது. குறைவது முதல், வாடகைக் கணக்கு அல்ல.

பள்ளியில் படித்த மூன்று பொன் விதிகளும், அதாவது பெறுபவர் தருபவர், உள்ளே வருவது வெளியே போவது, செலவு வருமானம் என்பவையும், இதே விடையைத்தான் தரும். அதில் பழகியவர் அதிலேயே போகலாம். ஒரே பதிவில் பாதிக்கு அந்த முறை, மீதிக்கு இந்த முறை என்று கலப்பதுதான் ஆகாது.

## 5. கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியை முதலில் கேட்கிறார்கள்: இது டெபிட்டா கிரெடிட்டா? நடவடிக்கைக்கு அப்படி ஒரு குணமே கிடையாது, கணக்குக்குத்தான் உண்டு. ஒவ்வொரு நடவடிக்கையிலும் இரண்டும் இருக்கும்.

1. எந்தெந்தக் கணக்குகள் தொடப்பட்டன? குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.
2. ஒவ்வொன்றும் எந்த வகை? முதலில் எழுதிவைத்த தாளைப் பாருங்கள்.
3. ஒவ்வொன்றும் கூடியதா, குறைந்ததா?
4. இப்போது அட்டவணையைப் பார்த்து டெபிட், கிரெடிட் போடுங்கள்.
5. இரண்டு பக்கத் தொகையும் சமமா?

மூன்றாவது கேள்வியை வாய்விட்டுச் சொல்வது நல்லது. "மெஷின் கூடியது, வங்கி குறைந்தது." இதைச் சொல்ல முடியாவிட்டால் நடவடிக்கையே இன்னும் புரியவில்லை என்று பொருள், விதி புரியாதது அல்ல.

## 6. கடையின் முதல் மாதம்: பத்துப் பதிவுகள்

| எண் | நடந்தது | டெபிட் | கிரெடிட் | ரூ. |
|---|---|---|---|---|
| 1 | உரிமையாளர் வங்கியில் போட்ட முதல் | வங்கி | முதல் | 2,00,000 |
| 2 | கடன் தொகை வங்கியில் வந்தது | வங்கி | வங்கிக் கடன் | 1,00,000 |
| 3 | மெஷின் வாங்கியது | ஜெராக்ஸ் மெஷின் | வங்கி | 1,20,000 |
| 4 | கடனுக்குச் சரக்கு வாங்கியது | கொள்முதல் | மொத்த வியாபாரி | 60,000 |
| 5 | வாடகை | வாடகை | வங்கி | 8,000 |
| 6 | ரொக்க விற்பனை | ரொக்கம் | விற்பனை | 45,000 |
| 7 | பள்ளிக்குக் கடன் விற்பனை | பள்ளி | விற்பனை | 15,000 |
| 8 | வியாபாரிக்குக் கொடுத்தது | மொத்த வியாபாரி | வங்கி | 25,000 |
| 9 | கடன் தவணை | வங்கிக் கடன் 3,000, வட்டி 1,000 | வங்கி | 4,000 |
| 10 | வீட்டுக்கு எடுத்தது | எடுப்புகள் | ரொக்கம் | 5,000 |

எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. இடறும் நான்கை மட்டும் பார்ப்போம்.

இரண்டாவது பதிவு. பணம் வந்தது, எனவே வருமானம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கடன் திருப்பித் தரவேண்டியது, அதனால் அது பொறுப்பு. இங்கே வங்கியும் கூடியது, பொறுப்பும் கூடியது. இரண்டு பக்கமும் கூடுவதில் தவறில்லை. ஒரு டெபிட், ஒரு கிரெடிட் இருக்க வேண்டும் என்பதே விதி. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும் என்பது விதியல்ல.

ஏழாவது பதிவு. காசு எதுவும் கைமாறவில்லை. இருந்தாலும் விற்பனை நடந்துவிட்டது, பள்ளியிடமிருந்து 15,000 வாங்கும் உரிமை கடைக்கு வந்துவிட்டது. அந்த உரிமை சொத்து, அது கூடியது, ஆகவே பள்ளி டெபிட். பின்னால் பள்ளி பணம் தரும்போது வங்கி டெபிட், பள்ளி கிரெடிட். அப்போது மறுபடியும் விற்பனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரே நோட்டுப் புத்தகத்தை இரண்டு முறை விற்றதாக ஆகும்.

எட்டாவது பதிவு. டெபிட் உண்மையிலேயே குறைக்கும் இரண்டு இடங்களில் இது முதலாவது. வியாபாரிக்குக் கடை 60,000 தரவேண்டியிருந்தது. 25,000 கொடுத்ததும் பொறுப்பு 35,000 ஆகிறது. பொறுப்பு குறைந்ததால் டெபிட். கொள்முதல் என்று மறுபடி எழுதுவது வழக்கமான பிழை. சரக்கு நாலாவது பதிவிலேயே கணக்கில் ஏறிவிட்டது.

ஒன்பதாவது பதிவு. தவணை முழுவதையும் செலவாக எழுதுவது மிகப் பரவலான தவறு. 4,000ல் அசல் 3,000 பொறுப்பைக் குறைக்கிறது. வட்டி 1,000 மட்டுமே செலவு. இரண்டும் டெபிட்டாகவே இருப்பதால் பக்கம் மாறாது, ஆனால் லாபம் 3,000 குறைந்து காட்டும், கடன் பாக்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகாது. வங்கியின் தவணை அட்டவணையில் அசலும் வட்டியும் தனித்தனியே இருக்கும், அங்கிருந்து எடுங்கள்.

எண்ணிப் பாருங்கள்: இந்த மாதத்தில் பதினொரு டெபிட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பது அந்தந்தக் கணக்கைக் கூட்டியிருக்கின்றன. குறைத்தவை வியாபாரியும் வங்கிக் கடனும் மட்டுமே.

## 7. பேரேட்டில் ஏற்றி இருப்பு கட்டுங்கள்

மேலே நடந்த வரிசையில் எழுதிய பத்தும் குறிப்பேடு. ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம் உள்ள புத்தகம் பேரேடு. குறிப்பேட்டின் பத்தையும் பேரேட்டில் அந்தந்தக் கணக்கின் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வங்கிக் கணக்கு இப்படி இருக்கும்:

| டெபிட் | ரூ. | கிரெடிட் | ரூ. |
|---|---|---|---|
| முதல் | 2,00,000 | ஜெராக்ஸ் மெஷின் | 1,20,000 |
| வங்கிக் கடன் | 1,00,000 | வாடகை | 8,000 |
| | | மொத்த வியாபாரி | 25,000 |
| | | கடன், வட்டி | 4,000 |
| மொத்தம் | 3,00,000 | மொத்தம் | 1,57,000 |

இருப்பு 1,43,000, டெபிட். பத்தியில் கழித்தல் குறியே இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டுவதற்கு ஒரு பக்கம், குறைப்பதற்கு இன்னொரு பக்கம், கடைசியில் ஒரே ஒரு கழித்தல். கணக்குக்கு இரண்டு பக்கம் இருப்பதன் பயன் இதுதான்.

ஒவ்வொரு வரியிலும் எதிர்க் கணக்கின் பெயரை எழுதுங்கள். வங்கிக் கணக்கின் பக்கத்தில், வாடகைக்குப் போன 8,000க்கு எதிரே வங்கி என்றே எழுதிவைத்தால், பின்னால் எது எங்கே போனது என்று தேட வழியிருக்காது.

## 8. இருப்பாய்வு

எல்லாக் கணக்குகளின் இருப்பையும் ஒரே பட்டியலில் எழுதி, இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பதே இருப்பாய்வு.

| கணக்கு | டெபிட் | கிரெடிட் |
|---|---|---|
| வங்கி | 1,43,000 | |
| ரொக்கம் | 40,000 | |
| ஜெராக்ஸ் மெஷின் | 1,20,000 | |
| பள்ளி | 15,000 | |
| கொள்முதல் | 60,000 | |
| வாடகை | 8,000 | |
| வட்டி | 1,000 | |
| எடுப்புகள் | 5,000 | |
| முதல் | | 2,00,000 |
| வங்கிக் கடன் | | 97,000 |
| மொத்த வியாபாரி | | 35,000 |
| விற்பனை | | 60,000 |
| மொத்தம் | 3,92,000 | 3,92,000 |

மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு வரியும் அதற்குரிய பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சொத்தும் செலவும் டெபிட் இருப்பு காட்ட வேண்டும், பொறுப்பும் முதலும் வருமானமும் கிரெடிட். ரொக்கம் கிரெடிட் இருப்பு காட்டினால் அது சாத்தியமே இல்லை, கல்லாவில் இல்லாத காசை யாரும் கொடுக்க முடியாது. ஏதோ ஒரு ரசீது விடுபட்டிருக்கிறது. வங்கிக் கணக்கு கிரெடிட் காட்டினால் ஓவர்டிராஃப்ட் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது சரியாகவும் இருக்கலாம்.

## 9. ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போனாலும்

ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரும். எட்டாவது பதிவில் வியாபாரிக்குக் கொடுத்த 25,000ஐ அவர் கணக்கில் கிரெடிட் பக்கம் ஏற்றிவிட்டால், அவர் இருப்பு 35,000க்குப் பதில் 85,000 ஆகும். இருப்பாய்வில் வித்தியாசம் 50,000. அதைப் பாதியாக்கி 25,000 என்ற தொகையைத் தேடினால் இடம் கிடைத்துவிடும். இருப்பாய்வு ஒத்துப்போகாதபோது முதலில் செய்ய வேண்டியது இதுவே.

இரண்டு பக்கமும் மாறியிருந்தால் இருப்பாய்வு வாயே திறக்காது. போன் செய்தியை நம்பி, வாடகையில் வங்கி டெபிட், வாடகை கிரெடிட் என்று எழுதியிருந்தால் வங்கி 1,59,000 காட்டும், வாடகை 8,000 கிரெடிட் காட்டும், மொத்தம் இரு பக்கமும் 4,00,000 என்று அழகாக ஒத்துப்போகும். காட்டிக்கொடுப்பவை இரண்டு. வாடகை என்ற செலவு கிரெடிட் இருப்போடு நிற்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டால் 16,000 இடிக்கும், வாடகையைப்போல் இரண்டு மடங்கு.

வகை மாறியிருந்தால் இன்னும் மோசம். மெஷினுக்கு டோனர் வாங்கியது செலவு, மெஷின் வாங்கியது சொத்து. டோனரை மெஷின் கணக்கில் எழுதினாலும் டெபிட் டெபிட்டாகவே இருக்கும், இருப்பாய்வும் ஒத்துப்போகும், லாபம் மட்டும் கூடுதலாகக் காட்டும். டேலியில் இது லெட்ஜரை உருவாக்கும்போதே நேர்கிறது. `Drawings` லெட்ஜரை `Capital Account` குழுவில் வைக்காமல் `Indirect Expenses` குழுவில் வைத்துவிட்டால், வீட்டுக்கு எடுத்த 5,000 கடையின் செலவாகி லாபத்தைத் தின்றுவிடும். மென்பொருள் டெபிட்டும் கிரெடிட்டும் சமமா என்று பார்க்கும், குழு சரியா என்று பார்க்காது. லெட்ஜர் பட்டியலைக் குழுவாரியாக ஒருமுறை நீங்களே படித்தாக வேண்டும்.

கடைசியாக வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரிவரியாக டிக் போடுங்கள். உங்கள் புத்தகத்தின் டெபிட் வரிகளுக்கு அதன் கிரெடிட் வரிகளில் ஜோடி தேட வேண்டும், கிரெடிட் வரிகளுக்கு டெபிட்டில். நம் கடையில் எல்லாக் காசோலையும் பாஸாகியிருந்தால் ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரி `1,43,000 Cr` என்று முடியும், புத்தகம் 1,43,000 டெபிட் என்று முடியும். புதியவர் இந்த இடத்தில் பதறி எல்லாவற்றையும் திருப்பி எழுதத் தொடங்குவார். திருப்ப வேண்டாம். தொகை ஒன்றாகவும் பக்கம் எதிராகவும் இருந்தால் அந்தக் கணக்கு சரி.